பதினெட்டு சதவீதக்காரரின் நான்கு உரிமைகள்

நாற்பது, ஐம்பது பக்கம் ஓடும் பங்குதாரர் ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்கிற முதலீட்டாளர் அபூர்வம். பெரும்பாலும் அவர் கையில் ஒரு பக்கச் சுருக்கம்தான் இருக்கும். அதில் இப்படி ஒரு வரி வரும்: “சிறுபான்மை முதலீட்டாளருக்கு டேக்-அலாங் உரிமை, வீட்டோ, ஒரு இயக்குநர் பதவி உண்டு, புரமோட்டர்களுக்கு டிராக்-அலாங் உரிமை உண்டு.” படித்ததும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த உரிமைகளின் உயிர் அவற்றின் பெயரில் இல்லை. எது நடந்தால் உரிமை எழும், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், எந்த விலைக்கு, எப்போது அது காலாவதியாகும் என்ற நான்கு விவரங்களில் இருக்கிறது. இவற்றைச் சொல்லாத சுருக்கம் முதலீட்டாளரை ஏமாற்றுகிற சுருக்கம் என்பதே என் கருத்து.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்புக்கு வார்ப்பு செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,00,000 பங்குகள். அண்ணன் கையில் 60,000, தம்பி கையில் 22,000. ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் பங்கு ஒன்றுக்கு 2,000 ரூபாய் கொடுத்து 18,000 பங்குகள் வாங்குகிறார். அவர் போட்ட பணம் 3 கோடியே 60 லட்சம். “உங்களைக் கேட்காம எதுவும் நடக்காதுங்க சார்” என்று அண்ணன் சொல்கிறார். அவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் நாளை அவர் இடத்தில் அவருடைய மகன் உட்காரலாம், அல்லது கம்பெனியையே வாங்கிய வேறொருவர் உட்காரலாம். அவர்களைக் கட்டுப்படுத்தப்போவது ஒப்பந்தம்தான்.

சட்டம் இவருக்குத் தானாகத் தருவது கொஞ்சம்தான். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற எதிர்ப்பு வாக்கைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் ஆதரவு வேண்டும். அதாவது 75 சதவீதம். 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் அதைத் தனியாகவே தடுத்துவிடலாம். நம்மவரிடம் இருப்பது 18. சகோதரர்கள் இருவரும் சேர்ந்தால் 82. சாதாரணத் தீர்மானம், சிறப்புத் தீர்மானம் இரண்டுமே அவர்கள் கையில் இருக்கின்றன. 10 சதவீதம் வைத்திருப்பவர் ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு என்று கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அது சேதம் நடந்த பிறகு போகும் வழி. முன்கூட்டியே தடுக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

முதலில் டேக்-அலாங். புரமோட்டர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கும்போது, அதே விலையில் என் பங்கையும் சேர்த்து வாங்கச் சொல் என்று கேட்கும் உரிமை இது. இல்லாவிட்டால் அண்ணன் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார்; பொறியாளர் முன்பின் அறியாத ஒருவருக்குக் கீழே சிறுபான்மையாக மாட்டிக்கொள்வார். அவருடைய 18 சதவீதத்தைத் தனியாக வாங்க யாரும் வரமாட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து ஒரு பெரிய நிறுவனம் வந்து, பங்கு 5,000 ரூபாய் வீதம் அண்ணனிடமிருந்து 30,000 பங்குகளை வாங்க முன்வருகிறது. பொறியாளர் எத்தனை பங்குகளை விற்கலாம்? “விகிதாசாரப்படி” என்று சுருக்கத்தில் இருக்கிறது. எந்த விகிதம் என்பதில்தான் பணம் இருக்கிறது. அண்ணன் தன் பங்கில் பாதியை விற்கிறார், அதனால் இவரும் பாதி விற்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னால் 9,000 பங்குகள், நாலரைக் கோடி ரூபாய். வாங்குபவர் கேட்கும் 30,000-ஐ அண்ணனும் இவரும் 60-க்கு 18 என்று பிரித்துக்கொள்ள வேண்டும் என்றால் 6,923 பங்குகள். கம்பெனி முழுவதிலும் இவருக்குள்ள 18 சதவீதம்தான் கணக்கு என்றால் 5,400 பங்குகள், 2 கோடியே 70 லட்சம். ‘விகிதாசாரம்’ என்ற ஒரே சொல், கையில் வரும் பணமோ கிட்டத்தட்ட இரண்டு கோடி வித்தியாசப்படுகிறது. சுருக்கத்தில் சூத்திரத்தை எழுதி, ஒரு எடுத்துக்காட்டையும் போட்டுக் காட்ட வேண்டும். எண்ணைப் போட்டுப் பார்க்கும்போதுதான் ஒப்பந்த வாசகத்தில் உள்ள குழப்பம் பல நேரம் தெரியவரும்.

கம்பெனியின் கட்டுப்பாடே கைமாறும்போது விகிதாசாரம் பார்க்காமல் முழு 18,000 பங்குகளையும் விற்றுவிட்டு வெளியேறலாம் என்று நல்ல ஒப்பந்தங்களில் இருக்கும். இங்கே 9 கோடி ரூபாய். ஆனால் கட்டுப்பாடு கைமாறுவது என்றால் என்ன? “புரமோட்டர்கள் சேர்ந்து வைத்திருப்பது 50 சதவீதத்துக்குக் கீழே போனால்” என்று எழுதியிருந்தால், 30,000 விற்ற பிறகும் அண்ணன் தம்பி இருவரிடமும் சேர்த்து 52 சதவீதம் இருக்கிறது. முழு உரிமை எழாது. ஆறு மாதம் கழித்து அதே ஆளுக்கு இன்னும் 3,000 பங்குகளை விற்றால் 49-க்கு வந்துவிடும். அப்போது உரிமை எழுந்தாலும் அந்த இரண்டாவது விற்பனையின் விலைதான் கிடைக்கும். அது முதல் விலையைவிடக் குறைவாக இருக்கலாம். ஒரே வாங்குபவருக்கு 12 அல்லது 18 மாதங்களுக்குள் நடக்கும் விற்பனைகளை ஒன்றாகக் கூட்ட வேண்டும், அவற்றில் உயர்ந்த விலையே பொருந்தும் என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணன் தன் பங்குகளை முதலில் சொந்தக் குடும்ப நிறுவனத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு அந்த நிறுவனத்தையே விற்றால் டேக் உரிமை பிடிக்குமா என்பதும் இதே வகைக் கேள்விதான். உறவினருக்கு மாற்றுவதற்கு ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் விலக்கு உண்டு. அந்த விலக்கு வழியாகத்தான் பங்கு நழுவும்.

விலையிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. வாங்குபவர் பங்குக்கு 5,000 கொடுப்பதற்குப் பதிலாக 4,000 கொடுத்துவிட்டு, “இனி இதே தொழிலில் போட்டிக்கு வரமாட்டேன்” என்று அண்ணன் எழுதித் தருவதற்காகத் தனியாக 3 கோடி கொடுக்கலாம். அண்ணனுக்கு மொத்தத் தொகை ஒன்றேதான். பொறியாளருக்குப் பங்குக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம். இது கற்பனை இல்லை. பட்டியலிட்ட கம்பெனிகளில் புரமோட்டருக்கு இப்படிப் போட்டித் தவிர்ப்புக் கட்டணம் 25 சதவீதம் வரை கூடுதலாகத் தர செபியின் 1997 கையகப்படுத்தல் விதிகள் இடம் கொடுத்திருந்தன. 2011 விதிகளில்தான் அதை எடுத்தார்கள். பிரைவேட் கம்பெனிக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. “எந்தப் பெயரில் எந்த வடிவில் கொடுத்தாலும் அதுவும் விலையில் சேரும்” என்று ஒப்பந்தம் சொன்னால்தான் உண்டு.

கடைசியாக ஒன்று. வாங்குபவர் பொறியாளரின் பங்கு வேண்டாம் என்றால் என்ன ஆகும்? அப்படியானால் அண்ணனும் விற்கக் கூடாது, மீறி விற்றால் அந்த மாற்றத்தைக் கம்பெனி பதிவு செய்யக் கூடாது என்று இருந்தால் அது உரிமை. “நியாயமான முயற்சி எடுப்பார்” என்று மட்டும் இருந்தால் அது வெறும் நல்லெண்ணம். சுருக்கம் எழுதுபவர் இந்த வித்தியாசத்தைத் தடித்த எழுத்தில் போடலாம். அறிவிப்பு வந்து 15 நாளோ 30 நாளோ பதில் சொல்லாவிட்டால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

டிராக்-அலாங் இதற்கு நேரெதிர். பெரும்பான்மையினர் விற்க முடிவெடுத்தால் சிறுபான்மையும் விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம். கம்பெனி முழுவதையும் வாங்க வருபவருக்கு 18 சதவீதக்காரர் ஒருவர் முரண்டு பிடித்து உட்கார்ந்திருப்பது பிடிக்காது. அதனால் இதை ஒரேயடியாக மறுப்பதில் அர்த்தமில்லை. நிபந்தனை வைக்கலாம்.

முதல் நிபந்தனை விலைக்குக் கீழ்வரம்பு. 75 சதவீதம் வைத்திருப்பவர்கள் டிராக் செய்யலாம், விலை அவர்கள் பேசுகிற விலை என்று மட்டும் இருந்தால், சகோதரர்கள் பங்கு 1,800 ரூபாய்க்கு விற்றாலும் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். 3 கோடியே 60 லட்சம் போட்டவருக்கு 3 கோடியே 24 லட்சம்தான் திரும்பி வரும். தொழில் சரிந்து, சகோதரர்கள் கடனை அடைக்க அவசரமாக விற்கும் காலத்தில் இது நடக்கும். போட்ட பணத்தில் ஒன்றரை மடங்கு, அல்லது சுதந்திரமான மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கீழே டிராக் செய்ய முடியாது என்று இருந்தால், இங்கே 3,000 ரூபாய்க்குக் குறைந்து இழுக்க முடியாது. முதல் மூன்று அல்லது நான்கு வருடம் டிராக்கே கிடையாது, வாங்குபவர் புரமோட்டரின் உறவினராகவோ அவர்களுடைய வேறு நிறுவனமாகவோ இருக்கக் கூடாது, பணம் ரொக்கமாகத்தான் வர வேண்டும் என்பவையும் சேர்ந்தால் பெரும்பகுதி அபாயம் போய்விடும்.

மிச்சமிருக்கும் அபாயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. “எல்லோருக்கும் ஒரே நிபந்தனைகள்” என்ற வாசகம் கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். விலையைப் பொறுத்தவரை நியாயமும்தான். ஆனால் கம்பெனியை வாங்குபவர் விற்பவரிடம் உறுதிமொழிகள் கேட்பார். ஜி.எஸ்.டி. பாக்கி இல்லை, தொழிலாளர் வழக்கு இல்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி சரியாக இருக்கிறது என்றெல்லாம். பிறகு ஏதாவது தவறாகப் போனால் விற்றவர் ஈடுகட்ட வேண்டும். வார்ப்புக்கூடத்துக்குள் தினமும் இருந்த அண்ணன் இதற்கு உறுதி தரலாம். வருடத்துக்கு நான்கு முறை மீட்டிங்குக்கு வந்துபோன பொறியாளர் எப்படித் தருவார்? “ஒரே நிபந்தனைகள்” என்றால் அவரும் தர வேண்டும். தன் பங்கு தன்னுடையதே, அதன்மீது அடமானம் இல்லை என்ற உறுதியை மட்டும்தான் அவர் தருவார், தன் பங்களவுக்குத்தான் பொறுப்பு, அதுவும் கையில் வாங்கிய தொகைக்கு மேல் போகாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், “விற்ற பிறகும் கம்பெனியின் பழைய பாக்கிகளுக்கு முதலீட்டாளர் பொறுப்பாகலாம்” என்று சுருக்கம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து வீட்டோ. முதலீட்டாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாத காரியங்களின் பட்டியல் அது. புதுப் பங்கு வெளியிடுவது, நடைமுறை விதிகளை மாற்றுவது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடன் வாங்குவது, புரமோட்டரின் உறவினர்களோடு வியாபாரம் செய்வது, அவர்கள் சம்பளத்தை உயர்த்துவது, நிலத்தையோ ஆலையையோ விற்பது இவையெல்லாம் வழக்கமாக இருக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் வலுவான வீட்டோ என்று நினைத்துவிடுகிறோம். என் அனுபவத்தில் ஏழெட்டுக் காரியங்கள் தெளிவாக இருந்தால் போதும். முப்பது காரியங்கள் இருந்தால் அன்றாட நிர்வாகம் தடைபட்டு, சண்டை வந்து, கடைசியில் எல்லோரும் பட்டியலையே மறந்துவிடுவார்கள்.

அந்த ஏழெட்டில் முதலிடம் புதுப் பங்கு வெளியீட்டுக்கு. அது விட்டுப்போனால் மற்ற உரிமைகளையும் அதுவே தின்றுவிடும். கம்பெனி 50,000 புதுப் பங்குகளை 500 ரூபாய் வீதம் இருக்கிற பங்குதாரர்களுக்கே உரிமைப் பங்காகத் தருகிறது என்று வையுங்கள். பொறியாளரின் பங்கு 9,000. அதற்கு 45 லட்சம் ரூபாயைக் கடிதத்தில் கொடுத்த குறுகிய கெடுவுக்குள் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லை என்று விட்டுவிட்டால், அந்தப் பங்குகளையும் சகோதரர்கள் எடுத்துக்கொண்டால், மொத்தம் 1,50,000-இல் இவருடைய 18,000 என்பது 12 சதவீதம் ஆகிவிடும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எங்கோ, “முதலீட்டாளரின் பங்கு 15 சதவீதத்துக்குக் கீழே போனால் வீட்டோவும் இயக்குநர் நியமன உரிமையும் முடிவுக்கு வரும்” என்று ஒரு வரி இருக்கும். யாரும் எதையும் மீறவில்லை, உரிமை போய்விட்டது. அதனால் உரிமை காலாவதியாகும் வரம்பை வீட்டோவுக்குப் பக்கத்திலேயே, அதே பத்தியில் எழுதிக் காட்ட வேண்டும். தானாக விற்றுக் குறைந்தால் மட்டுமே உரிமை போகும், புது வெளியீட்டால் குறைந்தால் போகாது என்று பேசி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

சம்மதத்தை யார், எங்கே தருகிறார் என்பதும் பெரிய விஷயம். முதலீட்டாளரின் இயக்குநர் போர்டு மீட்டிங்கில் ஆதரவாக வாக்களித்தால்தான் தீர்மானம் நிறைவேறும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அது எனக்கு உவப்பில்லை. சட்டத்தின் 166-ஆம் பிரிவுப்படி இயக்குநரின் கடமை கம்பெனிக்குத்தான், தன்னை நியமித்தவருக்கு அல்ல. கம்பெனிக்கு நல்லது, ஆனால் முதலீட்டாளருக்குக் கெட்டது என்ற நிலையில் அவர் கை கட்டப்படும். முதலீட்டாளரே பங்குதாரர் என்ற முறையில் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று இருந்தால் இந்தச் சிக்கல் வராது. அவர் தன் நலனைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இயக்குநர் பதவியை வைத்தே பாதுகாப்பு தேடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட போர்டில் சட்டப்படி கோரம் இரண்டு பேர்தான். பொறியாளரின் இயக்குநர் இல்லாமலே மீட்டிங் நடக்கும். அதனால் அவர் வந்தால்தான் கோரம் என்று எழுதுவார்கள். அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள். கோரம் இல்லாவிட்டால் மீட்டிங் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும் என்பது சட்டத்தின் வழக்கம். “அன்று வந்திருப்பவர்களே கோரம்” என்று ஒப்பந்தம் சேர்த்திருக்கும். இவருடைய ஆள் வெளிநாட்டில் இருக்கும் வாரமாகப் பார்த்து இரண்டு மீட்டிங் கூட்டினால் முடிந்தது. தள்ளிப்போன மீட்டிங்கிலும் வீட்டோ பட்டியலில் உள்ள காரியங்களை எடுக்கக் கூடாது என்ற விலக்கு இருந்தால்தான் வீட்டோ நிற்கும்.

நியமித்த இயக்குநரை நீக்குவதும் எளிது. 169-ஆம் பிரிவு சாதாரணத் தீர்மானத்தாலேயே இயக்குநரை நீக்க இடம் தருகிறது. 82 சதவீதம் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. சட்டம் தந்த இந்த அதிகாரத்தை நடைமுறை விதிகளால் பறிக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான். முதலீட்டாளர் கேட்டாலொழிய அவருடைய இயக்குநரை நீக்க வாக்களிக்க மாட்டோம், இடம் காலியானால் அவர் சொல்லும் ஆளுக்கே வாக்களிப்போம் என்று சகோதரர்கள் இருவரும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் உறுதி தர வேண்டும். “ஒரு இயக்குநர் பதவி உண்டு” என்ற வரிக்குப் பக்கத்தில் இந்த உறுதிமொழி எந்த ஷரத்தில் இருக்கிறது என்ற எண்ணைப் போட முடியவில்லை என்றால் பதவி பலவீனமானது.

இவ்வளவும் ஒப்பந்தத்தில் சரியாக இருந்தாலும் இன்னொரு ஆவணத்தைத் திறக்காமல் சுருக்கம் முடியாது. கம்பெனியின் நடைமுறை விதிகள், பேச்சு வழக்கில் ஆர்ட்டிக்கிள்ஸ். வி.பி.ரங்கராஜ் எதிர் வி.பி.கோபாலகிருஷ்ணன் என்ற வழக்கு 1992-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. இரண்டு சகோதரர்களின் குடும்பங்கள் சமமாகப் பங்கு வைத்திருந்த ஒரு பிரைவேட் கம்பெனி. எந்தக் கிளையில் யார் விற்றாலும் முதலில் தன் கிளைக்குள்தான் கொடுக்க வேண்டும் என்று தங்களுக்குள் உடன்பாடு செய்திருந்தார்கள். ஒரு மகன் மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். நடைமுறை விதிகளில் எழுதாத அப்படியொரு கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரரையும் கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம். 2013-இல் வேர்ல்ட் போன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் வீட்டோவுக்கும் இதே பார்வையை எடுத்தது. விதிகளில் சேர்க்காத வீட்டோ கம்பெனியைக் கட்டாது.

எனவே சுருக்கத்தில் ஒவ்வொரு உரிமைக்கும் எதிரே இரண்டு எண்கள் வேண்டும். ஒப்பந்தத்தில் எந்த ஷரத்து, ஆர்ட்டிக்கிள்ஸில் எந்த விதி. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அதைக் காலியாகவே காட்ட வேண்டும். கம்பெனி தரும் பிரதியை நம்ப வேண்டாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் கட்டணம் கட்டிப் பதிவாளரிடம் தாக்கலான பிரதியை எடுத்து ஒப்பிடலாம். சில சமயம் திருத்தத் தீர்மானம் போட்டிருப்பார்கள், ஆனால் தாக்கல் செய்திருக்கமாட்டார்கள்.

இதைப் பணம் போட்ட பிறகு சரிசெய்வது மிகவும் கடினம். விதிகளைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கான வாக்கு சகோதரர்களிடம்தான் இருக்கிறது. பின்னால் அதே வாக்கை வைத்து அவர்கள் விதிகளைத் திரும்பவும் மாற்றிவிடாமல் இருக்க 5-ஆம் பிரிவின்படி விதிகளை இறுக்கிவைக்கலாம். ஆனால் ஏற்கெனவே நடக்கும் பிரைவேட் கம்பெனியில் அதற்கு எல்லா உறுப்பினர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே திருத்திய ஆர்ட்டிக்கிள்ஸ், தீர்மானத்தின் நகல், அதைத் தாக்கல் செய்ததற்கான MGT-14 படிவம், அதன் ரசீது ஆகியவற்றை எப்போது, யார் தருவார் என்பதைப் பணம் அனுப்புவதற்கு முந்தைய நிபந்தனைகளில் எழுதிவிட வேண்டும். தாக்கலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்று சொன்னால், அதுவரை பணம் எஸ்க்ரோ கணக்கில் இருக்கட்டும் என்று பொறியாளர் கேட்கலாம்.